ஓய்வு வயது, பணி நீட்டிப்பு, பென்ஷன்: மத்திய அரசு ஊழியர்கள் கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

என் அண்ணன் மத்திய அரசின் அறிவியல் துறை ஒன்றில் வேலை பார்த்தவர். அறுபதை நெருங்கும்போது, "இன்னும் இரண்டு வருஷம் இருங்கள்" என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அந்த இரண்டு வருஷத்துக்குப் பென்ஷன் கூடுமா, கிராஜுவிட்டி எப்போது வரும், சம்பளத்தில் எதையாவது பிடிப்பார்களா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வந்தது. விதிகளைத் தேடிப் படித்து, கணக்குப் போட்டு, கடிதம் எழுதி எழுதித்தான் தெளிவு கிடைத்தது. உங்கள் வீட்டில் யாராவது இதே இடத்தில் நின்றால் அவருக்கு இந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் இந்திய மத்திய அரசின் சிவில் ஊழியர்களுக்கானது. அதிலும் 2004 ஜனவரி 1-க்கு முன் சேர்ந்து பழைய பென்ஷன் திட்டத்தில் இருப்பவர்களைப் பற்றித்தான் விரிவாகச் சொல்கிறேன். அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்குக் கடைசியில் தனியாக ஒரு பகுதி இருக்கிறது.

1. உங்கள் ஓய்வு வயது எந்த விதியில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

"அரசு வேலை என்றால் அறுபது" என்பது பாதி உண்மைதான். வயதைத் தீர்மானிப்பது உங்கள் பதவிக்கான விதி. எந்தத் துறை, எந்தக் கட்டடம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரே மத்திய அரசு மருத்துவமனையில் வேலை செய்யும் மத்திய சுகாதாரப் பணி டாக்டருக்கு 65, அவரோடு அதே வார்டில் நிற்கும் நர்ஸுக்கு 60. அந்த டாக்டரும் 62 வயது வரைதான் நிர்வாகப் பதவியில் இருக்கலாம். அதற்குப் பிறகு சிகிச்சை, கற்பித்தல் போன்ற வேலைக்கு மாறித்தான் 65 வரை தொடர முடியும்.

ஏன் இந்த வித்தியாசம்? ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. டாக்டரும் பல்கலைக்கழக ஆசிரியரும் படிப்பை முடித்து வேலைக்கு வரவே தாமதமாகிறது. அவர்கள் போனால் அந்த இடத்தை உடனே நிரப்ப ஆள் கிடைப்பதில்லை. அதனால் மத்திய நிதியில் நடக்கும் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கும் 65. ராணுவத்தில் இது தலைகீழ். அங்கே உடல்வலு வேண்டும், மேலே போகப் போகப் பதவிகளும் குறைவு. அதனால் கர்னலுக்கு 54, பிரிகேடியருக்கு 56, மேஜர் ஜெனரலுக்கு 58, லெப்டினன்ட் ஜெனரலுக்கு 60 என்று ரேங்க் ஏற ஏற வயதும் ஏறுகிறது. உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 62, உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 65 என்பது அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அரசு நினைத்தால் ஓர் ஆணை போட்டு அதை மாற்ற முடியாது. அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும். மாநில அரசு ஊழியர்களுக்கு அந்தந்த மாநிலம் முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் 2020-இல் 58 என்பது 59 ஆனது, 2021-இல் 60 ஆனது. பக்கத்திலிருக்கும் கேரளத்தில் 2013 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவர்களுக்கு 56, பின் சேர்ந்தவர்களுக்கு 60. இளைஞர்களுக்கு வேலை காலியாக வேண்டும் என்பது ஒரு பக்கம், ஓய்வுப் பலன்களை மொத்தமாகக் கொடுக்கும் சுமை இன்னொரு பக்கம். எந்தப் பக்கம் எந்த நேரத்தில் கனத்ததோ, அதன்படி வயது அமைந்திருக்கிறது.

மற்ற மத்திய அரசு சிவில் ஊழியர்களுக்கு அடிப்படை விதி 56 பொருந்தும். இதை எஃப்.ஆர். 56 என்பார்கள். 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாள் மாலை ஓய்வு. ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: முதல் தேதியில் பிறந்தவர் முந்தைய மாதக் கடைசியிலேயே ஓய்வு பெறுவார். செப்டம்பர் 1-இல் பிறந்தவருக்கு ஆகஸ்ட் 31 தான் கடைசி நாள்.

பிறந்த தேதி என்றால் சர்வீஸ் புக்கின் முதல் பக்கத்தில் இருக்கும் தேதி. ஆதாரில் வேறு தேதி இருந்தாலும் செல்லாது. அதைத் திருத்தக் கேட்க வேண்டுமானால் வேலையில் சேர்ந்து ஐந்து வருஷத்துக்குள் கேட்டிருக்க வேண்டும். ஓய்வு நெருங்கும்போது பள்ளிச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு போவதில் பயனில்லை.

2. கையில் வந்த ஆணையில் என்ன வார்த்தை இருக்கிறது என்று பாருங்கள்

அண்ணன் விஷயத்தில் எங்களை அதிகம் அலைக்கழித்தது இதுதான். பேச்சில் எல்லாரும் "எக்ஸ்டென்ஷன்" என்றார்கள். தயாராகி வந்த வரைவில் "மறு நியமனம்" என்று இருந்தது. கேட்டபோது, "எல்லாம் ஒன்றுதான் சார்" என்று பதில் வந்தது. ஒன்றில்லை. பென்ஷன் கணக்கில் இரண்டும் வெவ்வேறு.

பணி நீட்டிப்பு என்றால் நீங்கள் ஓய்வு பெறவே இல்லை. அதே பணி, அதே சம்பளம், இன்கிரிமென்ட் உண்டு, அந்தக் காலமும் தகுதிப் பணிக்காலத்தில் சேரும். பென்ஷன் பிறகுதான் தொடங்கும். ஆனால் இது எல்லாருக்கும் கிடைக்காது. எஃப்.ஆர். 56 பொதுவாக 60-க்கு மேல் நீட்டிப்பையே தடுக்கிறது. குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் விலக்குத் தருகிறது. மருத்துவ, அறிவியல் துறை நிபுணர்களுக்குப் பொது நலன் கருதி 62 வரை நீட்டிக்கலாம் என்பது அந்த விலக்குகளில் ஒன்று. சாதாரண அலுவலகப் பணியில் இருப்பவரிடம் "எக்ஸ்டென்ஷன் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், எந்த விலக்கின் கீழ் என்று கேளுங்கள்.

மறு நியமனம் என்றால் நீங்கள் 60-இல் ஓய்வு பெற்றாயிற்று. கிராஜுவிட்டியும் பென்ஷனும் அப்போதே வரும். அதன்பின் செய்யும் வேலை பென்ஷன் கணக்கில் சேராது. அதற்காக இரண்டாவது பென்ஷனோ கிராஜுவிட்டியோ கிடையாது.

மூன்றாவது, ஒப்பந்தம். ஓய்வு பெற்றவரை ஆலோசகர் மாதிரி திரும்ப எடுப்பது. இதில் கடைசி அடிப்படைச் சம்பளத்திலிருந்து அடிப்படைப் பென்ஷனைக் கழித்து, மிச்சத்தை நிலையான மாதத் தொகையாகத் தருவார்கள். இன்கிரிமென்ட் கிடையாது, அகவிலைப்படி கிடையாது, வீட்டு வாடகைப் படியும் கிடையாது. பெரும்பாலோர் "எக்ஸ்டென்ஷனில் இருக்கிறேன்" என்று சொல்வது உண்மையில் இதைத்தான்.

ஆணையை வாங்கியதும் மூன்று இடங்களைப் பாருங்கள்: எந்த விதியின் கீழ் என்ற குறிப்பு, காலம் தொடங்கும் நாள், சம்பளம் பற்றிய வரி. நீட்டிப்பு ஆணை ஓய்வு நாளுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். "வந்துகொண்டிருக்கிறது, நீங்கள் வேலையைத் தொடருங்கள்" என்ற வாய்வார்த்தையை நம்பி ஓய்வு நாளைத் தாண்டாதீர்கள். ஆணை இல்லாமல் வேலை செய்த நாட்களுக்குச் சம்பளமா பென்ஷனா என்ற கேள்விக்குப் பிறகு யாரிடமும் எளிதில் பதில் கிடைக்காது.

3. மூன்று தொகைகளையும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள்

ஓர் எடுத்துக்காட்டு. லெவல் 11-இல் அடிப்படைச் சம்பளம் 88,400 ரூபாய். 31 வருஷத் தகுதிப் பணி. ஆகஸ்ட் 31-இல் 60 நிறைகிறது. இன்கிரிமென்ட் ஜூலை 1. அகவிலைப்படி 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான விகிதத்தை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். இரண்டு வருஷ நீட்டிப்பில் அடிப்படைச் சம்பளம் முதலில் 91,100 ஆகும், அடுத்த ஜூலையில் 93,800 ஆகும். இடையில் சம்பளக் கமிஷன் எதுவும் வராத மாதிரிதான் இந்தக் கணக்கு.

பென்ஷனை முதலில் எடுத்துக்கொள்வோம். பத்து வருஷத் தகுதிப் பணி இருந்தாலே பென்ஷன், கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி. கடைசிப் பத்து மாதச் சராசரி அதைவிட அதிகமாக இருந்தால் அதில் பாதி. "வருஷம் கூடினால் சதவீதம் கூடும்" என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கூடாது. 12 வருஷம் என்றாலும் 33 வருஷம் என்றாலும் 50 சதவீதம்தான். நீட்டிப்பில் பென்ஷன் கூடுவது இன்கிரிமென்டால் மட்டுமே. நம் எடுத்துக்காட்டில் 60-இல் போனால் 44,200; 62-இல் போனால் 46,900. இரண்டு வருஷம் கூடுதலாக உழைத்ததற்குப் பென்ஷனில் மாதம் 2,700 ரூபாய் ஏற்றம், அதற்கான அகவிலை நிவாரணம். அவ்வளவுதான்.

அடுத்து கிராஜுவிட்டி. இதில்தான் வருஷம் நேரடியாகப் பேசுகிறது. ஒவ்வொரு முழு அரையாண்டுக்கும் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் கால் பங்கு. அதிகபட்சம் பதினாறரை மடங்கு, அதாவது 33 வருஷத்தோடு நின்றுவிடும். 60-இல் போனால் 1,32,600-ஐப் பதினைந்தரையால் பெருக்க வேண்டும்: 20,55,300 ரூபாய். 62-இல் போனால் 1,40,700-ஐப் பதினாறரையால் பெருக்க வேண்டும்: 23,21,550 ரூபாய். இரண்டரை லட்சத்துக்கு மேல் கூடுதல். ஆனால் 25 லட்சம் என்ற உச்சவரம்பு இருக்கிறது. லெவல் 13 போல மேலே இருப்பவர்கள் 60 வயதிலேயே அந்த வரம்பைத் தொட்டிருப்பார்கள். அவர்களுக்கு நீட்டிப்பால் கிராஜுவிட்டி ஒரு ரூபாய்கூடக் கூடாது.

மூன்றாவது கம்யூட்டேஷன். பென்ஷனில் 40 சதவீதம் வரை விற்று மொத்தமாக வாங்கலாம். இதற்கான காரணி வயது ஏற ஏறக் குறையும். அடுத்த பிறந்தநாளில் 61 ஆகப் போகிறவருக்கு 8.194, 63 ஆகப் போகிறவருக்கு 7.982. 60-இல் விற்றால் 17,680 × 12 × 8.194, கிட்டத்தட்ட 17,38,439 ரூபாய். 62-இல் விற்றால் 18,760 × 12 × 7.982, கிட்டத்தட்ட 17,96,908 ரூபாய். விற்ற பகுதி திரும்ப வருவது 15 வருஷம் கழித்து. அதாவது 60-இல் விற்றவருக்கு 75-இல் முழுப் பென்ஷன் திரும்பும், 62-இல் விற்றவருக்கு 77-இல்.

இப்போது மாத வரவைப் பாருங்கள். நீட்டிப்பின் தொடக்கத்தில் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 1,32,600. வீட்டு வாடகைப் படி தனி. அதே ஆள் ஒப்பந்தத்தில் இருந்தால் பென்ஷன் 44,200, அதற்கு நிவாரணம் 22,100, ஒப்பந்தத் தொகை 44,200, ஆக 1,10,500. கம்யூட் செய்திருந்தால் 17,680 குறையும். ஒப்பந்தத் தொகையில் கழிப்பது முழு அடிப்படைப் பென்ஷனை. விற்ற பகுதியையும் சேர்த்துத்தான் கழிப்பார்கள். "40 சதவீதம் விற்றுவிட்டேனே, மிச்சத்தை மட்டும்தானே கழிக்க வேண்டும்" என்று கேட்டுப் பயனில்லை. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாதவர்கள் முதல் மாத வரவைப் பார்த்து அதிர்ந்துபோகிறார்கள்.

மறுபக்கம், ஒப்பந்தக்காரர் கையில் கிராஜுவிட்டியும் கம்யூட்டேஷனுமாகக் கிட்டத்தட்ட 38 லட்சம் இரண்டு வருஷம் முன்னாலேயே வந்துவிடுகிறது. வீட்டுக் கடனோ மகளின் படிப்போ நிற்கிறவர்களுக்கு அது பெரிய விஷயம். என் கருத்தில், கடன் இல்லாதவருக்கு நீட்டிப்பு நல்லது. ஒன்பது சதவீத வட்டிக்கு மேல் கடன் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டையும் எழுதிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

குடும்பத்தோடு பேச வேண்டிய இன்னொரு கணக்கும் இருக்கிறது. நீட்டிப்புக் காலத்தில் இறந்தால் அது பணியில் இருக்கும்போது இறந்ததாகும். குடும்பப் பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதமாகப் பத்து வருஷம் வரும், அதன்பின் 30 சதவீதம். ஓய்வுக்குப் பிறகு இறந்தால் அந்த உயர் விகிதம் ஏழு வருஷம், அல்லது இறந்தவருக்கு 67 வயது நிறைந்திருக்கக்கூடிய நாள் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரைதான். மறு நியமனத்தில், ஒப்பந்தத்தில் இருப்பவர் ஓய்வூதியராகவே கருதப்படுவார். பேசக் கஷ்டமான விஷயம், ஆனால் அண்ணியிடம் அண்ணன் இதை உட்கார்ந்து விளக்கியது எனக்கு நிம்மதியாக இருந்தது.

4. ஓய்வு நாள் ஜூன் 30 அல்லது டிசம்பர் 31 என்றால்

இந்த நாட்களில் ஓய்வு பெறுபவர்கள் ஒரு நாள் வித்தியாசத்தில் இன்கிரிமென்டை இழந்துகொண்டிருந்தார்கள். 2023-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, மறுநாள் வரவேண்டிய இன்கிரிமென்டைக் கருத்தளவில் சேர்த்துப் பென்ஷன் கணக்கிடுகிறார்கள். பென்ஷனுக்கு மட்டும்தான். கிராஜுவிட்டிக்கும் கம்யூட்டேஷனுக்கும் விடுப்புப் பணத்துக்கும் பழைய சம்பளம்தான். உங்கள் கணக்குத் தாளில் இரண்டு வேறு சம்பளம் தெரிந்தால் பதற வேண்டாம். பென்ஷன் வரியிலும் பழைய சம்பளமே இருந்தால்தான் எழுதிக் கேட்க வேண்டும்.

5. தகுதிப் பணிக்காலத்தை ஒரு வருஷம் முன்பே சரிபாருங்கள்

சர்வீஸ் புக்கை நேரில் வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். ஒவ்வொரு வருஷமும் "பணி சரிபார்க்கப்பட்டது" என்ற பதிவும் கையெழுத்தும் இருக்க வேண்டும். அண்ணனுடையதில் ஊர் மாறிப் போன வருஷத்தில் மட்டும் கையெழுத்து இல்லை. பழைய அலுவலகத்திலிருந்து சம்பளப் பட்டியல் நகல் வரவழைத்துத்தான் அது சரியானது, அதற்கே பல மாதம் பிடித்தது. ஓய்வு மாதத்தில் இது தெரிந்திருந்தால் கிராஜுவிட்டி அப்படியே நின்றிருக்கும்.

மருத்துவச் சான்று இல்லாமல் எடுத்த சம்பளமில்லா விடுப்பு, அனுமதியின்றி வராத நாட்கள், "டைஸ் நான்" என்று அறிவித்த வேலைநிறுத்த நாட்கள் ஆகியவை தகுதிப் பணிக்காலத்தில் சேராது, அவற்றைத் தேடுங்கள். கிராஜுவிட்டிக் கணக்கில் மூன்று மாதமோ அதற்கு மேலோ இருந்தால் ஓர் அரையாண்டாக எண்ணுவார்கள். இரண்டு மாதம் இருபத்தைந்து நாள் என்று நின்றால் ஓர் அரையாண்டே போய்விடும். அதனால் சில நாட்கள்கூட முக்கியம். மருத்துவச் சான்று கொடுத்திருந்தும் பதிவாகாமல் போயிருந்தால், பழைய நகலை இப்போதே தேடி எடுங்கள்.

6. தேதிகளும் ஆவணங்களும்

ஓய்வுக்கு ஒரு வருஷம் முன்பே அலுவலகம் பென்ஷன் வேலையைத் தொடங்க வேண்டும். ஆறு மாதம் முன்பு நீங்கள் படிவத்தைப் பவிஷ்யா தளத்தில் நிரப்ப வேண்டும். நான்கு மாதம் முன்பு கோப்பு கணக்கு அலுவலகத்துக்குப் போக வேண்டும். இந்த மூன்று தேதியையும் நாட்காட்டியில் குறித்துவைத்து, ஒவ்வொரு முறையும் எழுத்தில் கேளுங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: கணவன் மனைவி கூட்டுப் புகைப்படம், பென்ஷன் கணக்கின் பாஸ்புக், பான், ஆதார், குடும்ப உறுப்பினர் விவரம், வாரிசு நியமனம். மனைவி பெயர் சர்வீஸ் புக்கில் ஒரு மாதிரியும் ஆதாரில் ஒரு மாதிரியும் இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். பின்னால் குடும்பப் பென்ஷனில் அந்த ஓர் எழுத்துதான் தொல்லை தரும். அரசுக் குடியிருப்பில் இருந்தால் பாக்கி இல்லாச் சான்று வேண்டும், அது வரும்வரை கிராஜுவிட்டியில் ஒரு பகுதியைப் பிடித்துவைக்கலாம்.

இதற்கெல்லாம் கட்டணம் எதுவும் இல்லை. "ஃபைல் நகர" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். செலவாவது நகல், புகைப்படம், பயணம் இவ்வளவுக்குத்தான்.

நீட்டிப்புக் கிடைத்தால் பவிஷ்யாவில் ஓய்வு நாளை மாற்றச் சொல்லுங்கள். மாற்றாவிட்டால் பழைய தேதிக்கே பென்ஷன் ஆணை தயாராகிவிடும். நாங்கள் பயந்து பயந்து கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் அது அண்ணனுக்கு நேரத்தில் மாறியது.

விடுப்புப் பணத்துக்கும் உச்சவரம்பு 300 நாள். 60-இல் 300 நாளுக்கும் வாங்கியவருக்கு மறு நியமனக் காலத்தில் சேரும் விடுப்புக்குப் பணம் வராது, எடுத்துவிடுவதே நல்லது. நீட்டிப்பில் இருப்பவருக்குக் கடைசி நாளில், அன்றைய சம்பளத்தில் கணக்கிடுவார்கள்.

7. 2004-க்குப் பின் சேர்ந்தவர்களுக்கு

என்.பி.எஸ். திட்டத்தில் இருப்பவருக்கு மேலே சொன்ன "கடைசிச் சம்பளத்தில் பாதி" பொருந்தாது. நீங்கள் 10 சதவீதம், அரசு 14 சதவீதம் என்று போடும் பணம் வளர்கிறது. வேலை செய்யும் காலம் கூடக் கூடத் தொகுப்பு பெருகும். ஓய்வில் குறைந்தது 40 சதவீதத்துக்கு ஆண்டுத்தொகைத் திட்டம் வாங்க வேண்டும்.

2025 ஏப்ரல் 1 முதல் வந்த ஒருங்கிணைந்த பென்ஷன் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு வருஷக் கணக்கு முக்கியம். 25 வருஷம் முடித்தால் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் 50 சதவீதம். பத்து வருஷத்துக்கு மேல், 25-க்குள் என்றால் அந்த விகிதத்தில் குறையும். 22 வருஷத்தோடு போனால் 44 சதவீதம்தான். பழைய திட்டக்காரருக்கு வருஷம் கூடினாலும் மாறாத அந்தச் சதவீதம், இவர்களுக்கு ஒவ்வொரு வருஷமும் இரண்டு புள்ளி ஏறுகிறது. விதியிலேயே 65 வரை வயது இருக்கும் டாக்டர்கள், தாமதமாகச் சேர்ந்திருந்தால், முன்கூட்டியே விலகுவதற்கு முன் இந்த 25-ஐ எட்டுகிறோமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.